ரோகிணி எந்த வட்டாரம்

ரோகிணி எதையும் "சரி, விடுங்கோ" என்று விட்டுப் பழகாதவள். முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பு வேலை, ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியிலுள்ள மல்வேர்னில் வாடகைக்கு ஒரு தொடர்வீடு. விடியற்காலை பஸ்ஸுக்குப் போக அகலமான வீதியொன்றைக் கடக்க வேண்டும். அந்த இடத்தில் சிக்னல் இல்லை. போன மாரியில் பக்கத்து வீட்டு அகஸ்ரின் அண்ணையைக் கார் ஒன்று அடித்துவிட்டுப் போனது. அவருக்கு இடுப்பெலும்பு உடைந்தது, அவளுக்குப் பிடிவாதம் பிறந்தது. அங்கே சிக்னல் வந்தே தீரவேண்டும்.

வட்டாரம் இருபத்தைந்தின் குடியிருப்பாளர் சங்கம் வருடாவருடம் ஒரு கோரிக்கையைத் தெரிந்தெடுத்து நகரசபை உறுப்பினருக்கு அனுப்பும். தலைவர் சுந்தருக்கு அந்த வருடம் சங்க மண்டபத்துக்குப் பெரிய கார் நிறுத்துமிடம் வேண்டியிருந்தது. ரோகிணி சிக்னலுக்காகத் தெருத்தெருவாக ஆள் சேர்க்கிறாள் என்று கேள்விப்பட்டதும் மனுஷன் சங்கப் பதிவேட்டில் அவளுடைய விலாசத்தைத் தேடி எடுத்தார்.

கூட்டத்தில் வாக்கெடுப்புக்கு முன் அவர் எழுந்தார்.

"தங்கச்சி, குறை நினைக்காதேங்கோ. உங்கட போஸ்ரல் கோட்டைப் போட்டுப் பாத்தனான். ஸ்காபரோ நோர்த் எண்டு வருது. நோர்த் இருபத்தி மூண்டாம் வட்டாரம். விதிப்படி நீங்கள் இஞ்ச வாக்குப் போடேலாது."

மண்டபம் அவளைத் திரும்பிப் பார்த்தது. ரோகிணிக்குக் காதுமடல் சுட்டது. ஆனால் இந்தக் குழியில் அவள் ஏற்கெனவே ஒருமுறை விழுந்து எழும்பியவள். வசந்த காலத்தில் அதே பெயரை நம்பி நோர்த் உறுப்பினரின் அலுவலகத்துக்குப் போன் எடுத்திருந்தாள். அங்கிருந்த பெண், உங்கள் முகவரி எங்கள் வட்டாரத்தில் இல்லை, நகரசபையின் வரைபடத்தைப் பாருங்கள் என்று மரியாதையாகச் சொன்னாள். அன்று தேநீர் இடைவேளையில் போனும் கையுமாக இருந்து பார்த்தவள்தான்.

"அண்ணை, எந்த சைற்றில பாத்தனீங்கள்?"

"கவர்மென்ற் சைற்றிலதான்."

"எந்தக் கவர்மென்ற்?"

சுந்தர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். செயலாளர் லலிதா மடிக்கணினியைச் சுவர்த் திரையோடு இணைத்தாள்.

"நீங்கள் பாத்தது ஒட்டாவாப் பாராளுமன்றத்துக்கு எம்.பி. அனுப்பிற தொகுதி," என்றாள் ரோகிணி. "அதின்ர எல்லையை இப்பத்தான் மாத்திக் கீறினவை, இருபத்தைஞ்சாம் ஆண்டுத் தேர்தல் புதுக் கோட்டிலதான் நடந்தது. நகரசபை வட்டாரம் இன்னும் பழைய கோட்டில கிடக்கு. பெயர் ஒண்டு, கோடு வேற. லலிதா, ரொறன்ரோ நகரசபையின்ர சைற்றைத் திறவுங்கோ. ஸ்காபரோவுக்கெண்டு தனி நகரசபை இப்ப இல்லைத்தானே. போஸ்ரல் கோட்டை விடுங்கோ, சிலவேளை ஒரு போஸ்ரல் கோட்டுக்குள்ளயே ரெண்டு வட்டாரம் வரும். வீட்டு நம்பரோட முழு விலாசத்தையும் அடியுங்கோ."

லலிதா அடித்தாள். வரைபடத்தில் புள்ளி விழுந்தது: வட்டாரம் 25, ஸ்காபரோ றூஜ் பார்க். அவள் பெரிதாக்கிக் காட்ட, எல்லைக்கோடு ரோகிணியின் தெருவுக்கு நன்றாக மேற்கே ஓடியது.

"மாகாணத் தொகுதி?" என்று பின்வரிசையில் யாரோ கேட்டார்கள்.

"அதுவும் பழைய றூஜ் பார்க்தான். மூண்டு அரசாங்கத்துக்கும் மூண்டு வரைபடம். சிக்னல் வைக்கிறது நகரம், அப்ப நகரத்தின்ர வரைபடம்தான் கணக்கு." அவள் சுந்தரைப் பார்த்தாள். "விதி எண்டு சொன்னது நீங்கள். இப்ப உங்கட விலாசத்தையும் ஒருக்கா அடிப்பம்."

போன வருடம்தான் சுந்தர் வீடு மாறியிருந்தார். மல்வேர்னுக்குள்தானே மாறினோம் என்ற நினைப்பில் வட்டாரத்தைப் பற்றி அவர் யோசிக்கவே இல்லை. புள்ளி கோட்டுக்கு அந்தப் பக்கம் விழுந்தது. வட்டாரம் 23.

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்திருக்கும்.

"அண்ணை இருக்கட்டும், கதைக்கட்டும்," என்றாள் ரோகிணி. "வாக்கு மட்டும் போடக்கூடாது. விதி விதிதானே."

கைகளை எண்ணினார்கள். சிக்னல் வென்றது. வென்றதென்றால், நகரத்தின் போக்குவரத்துப் பிரிவு அந்த இடத்தை ஆராயவேண்டும் என்று கேட்கும் உரிமை மட்டும் கிடைத்தது. ரோகிணிக்கு அது தெரியும்.

வெளியே சுந்தர் கார்க் கதவைத் திறந்து நின்றார். "ஏறுங்கோ தங்கச்சி, இறக்கிவிடுறன்."

"வேண்டாம் அண்ணை. நீங்களும் வாங்கோ, நடந்து போவம்."

அவரால் மறுக்க முடியவில்லை. கூட்டத்துக்கு வந்திருந்த அகஸ்ரினும் ஊன்றுகோலோடு சேர்ந்துகொள்ள, மூவரும் சிக்னல் இல்லாத அந்த வீதியோரம் போய் நின்றார்கள். கார்கள் வந்துகொண்டே இருந்தன. ஒன்றும் வேகம் குறைக்கவில்லை. சுந்தர் ஒரு காலை இறக்கினார், ஹோர்ன் சத்தத்தில் பின்வாங்கினார், மறுபடி இறக்கினார்.

"எவ்வளவு நேரம் பிள்ளை இப்பிடி நிக்கிறது?"

"சிக்னல் வருமட்டும் ஒவ்வொரு விடியலும் இப்பிடித்தான் அண்ணை," என்றாள் ரோகிணி. பிறகு அகஸ்ரினின் கையை ஒரு பக்கமும் சுந்தரின் கையை மறுபக்கமும் பிடித்துக்கொண்டு, வருகிற காரை நேரே பார்த்தபடி வீதியில் இறங்கினாள்.