அறுபதுக்கு மேல் ஒரு பூஜ்யம்

வண்டி எப்போது வரும் என்று அப்பா கேட்கும்போதெல்லாம், வரும் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். அறுபது தாண்டியவர்களை ஊர் தேடிப் போய்ப் பார்க்கும் மருத்துவ வண்டி. அதில் கைகால் பயிற்சி கொடுக்க ஆளும் உண்டு. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இடது கால் விழுந்துவிட்டது. அரூர் ஆஸ்பத்திரிக்குப் போகப் பஸ்ஸில் ஏற்ற இரண்டு ஆள் வேண்டும். கூலிக்குப் போகிற ஊரில் யார் தினமும் வருவார்கள்?

எந்தெந்த ஊருக்கு வண்டி என்று முடிவாகும் கணக்கு, தருமபுரியில் நான் ஒப்பந்தத்தில் வேலை பார்த்த அலுவலகத்துக்குத்தான் வந்தது. அப்பாவுக்கு அது போதும். "கம்ப்யூட்டர்லயே எம்மவன் உக்காந்திருக்கான், நம்மூரு வுட்டுப் போயிருமா?" என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லுவார். எங்கள் வீட்டில் எழுத்துக்கூட்டிப் படித்த முதல் ஆள் நான்.

கிராம நர்ஸ்கள் அனுப்பும் தாளில் ஊர்வாரியாக ஆள்கணக்கு இருக்கும். வயதை மட்டும் எழுத்தும் எண்ணும் கலந்து எழுதியிருப்பார்கள்: ஐந்துக்குக் கீழ், 5 முதல் 14, 15 முதல் 59, 60-ம் அதற்கு மேலும். புது மென்பொருளுக்கு எழுத்து புரியாது. கீழ்வரம்பு, மேல்வரம்பு என இரண்டு கட்டங்களில் வெறும் எண்தான் வேண்டும். பாலக்கோடு பக்கம் எனக்கு, அரூர் பக்கம் எதிர் மேசை அக்காவுக்கு. ரொம்ப வருடம் காகிதப் பதிவேட்டிலேயே காலம் தள்ளியவர் அவர்.

"ஏன் தம்பி, அஞ்சுக்குக் கீழன்னா பூஜ்யம் டு அஞ்சுதானே?"

"நாலுங்க அக்கா. அஞ்சு முடிஞ்ச புள்ள அடுத்த வரியில வருது. ரெண்டு வரியிலயும் அஞ்சு போட்டா, அந்தப் புள்ள எதுல நிக்கும்?"

"ஒத்தக்கால்ல நிக்கும்" என்று சிரித்துவிட்டு நாலு போட்டார்.

கடைசி வரியைப் பற்றி அவர் கேட்கவில்லை. அறுபதுக்கு மேல் எல்லை கிடையாது, மேல்வரம்பைக் காலியாக விடு என்று வழிகாட்டித் தாளிலேயே இருந்தது.

முதியவர்கள் அதிகமுள்ள ஊர்கள் முதலில் என்ற வரிசையில் வண்டிப் பட்டியல் வந்தது. பாலக்கோடு பக்கத்து ஊர்கள் இருந்தன. அரூர் பக்கம், தீர்த்தமலைக்குப் பின்னால் இருக்கும் எங்கள் ஊர் இல்லை. சுற்றியுள்ள ஊர்களும் இல்லை. அக்காவின் கோப்பைத் திறந்து பார்த்தேன். முதியவர் வரி ஒவ்வொன்றிலும் கீழ்வரம்பு அறுபது, மேல்வரம்பு பூஜ்யம்.

மேல்வரம்பு கீழ்வரம்பைவிடச் சின்னதாக இருந்தால், மென்பொருள் அந்த வரியைத் தப்பென்று சத்தமில்லாமல் தள்ளிவிடும். குழந்தைகள் வந்துவிட்டார்கள், உழைக்கிற வயதுக்காரர்களும் வந்துவிட்டார்கள். கிழவர் கிழவிகள் மட்டும் வரவில்லை.

"காலிக் கட்டம் வுட்டா ஆடிட்ல கேள்வி வரும் தம்பி. பின்னாடி யாராச்சும் உள்ள எதையாச்சும் எழுதிடுவாங்கன்னு சொல்லிச் சொல்லியே வளர்த்தாங்க. இல்லைன்னா பூஜ்யம். அதானே மொற?" அக்காவின் குரல் இறங்கிவிட்டது. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பதிவேட்டில் அது முறைதான். அங்கே பூஜ்யம் என்றால் ஒன்றுமில்லை. இங்கே அது ஒரு வயது.

இருவரும் உட்கார்ந்து முதியவர் வரிகளின் மேல்வரம்பில் இருந்த பூஜ்யத்தையெல்லாம் அழித்துக் காலியாக்கினோம். திரும்ப ஏற்றியதும் அரூர் பக்கத்துப் பெரியவர்கள் முழுசாக வந்துவிட்டார்கள். எங்கள் ஊர், பட்டியலின் மேல்பாதியிலேயே நின்றது. அச்செடுத்துக்கொண்டு அதிகாரியிடம் போனேன்.

அவர் பொறுமையாகப் படித்தார். "நீ சொல்றது கரெக்ட்டுதாம்பா. ஆனா ரூட் போட்டு, டீசல் சாங்ஷன் ஆகி, கையெழுத்தும் ஆயிடுச்சு. இப்ப ஒரு ஊரைச் சேர்த்தா இன்னொரு ஊரை எடுக்கணும். யாரை எடுக்கட்டும், நீயே சொல்லு."

பாலக்கோட்டுத் தாள்களில் இருந்த ஊர்களையெல்லாம் நானே தட்டச்சு செய்திருந்தேன்; ஒவ்வொன்றிலும் எத்தனை பெரியவர்கள் என்று எனக்குத் தெரியும்.

"அடுத்த வருசம் கணக்கு எடுப்பாங்க. அப்பப் பாத்துக்கலாம்" என்று தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். அப்பா கயிற்றுக் கட்டிலில் சாய்ந்திருந்தார். விழுந்த காலை இன்னொரு காலால் நகர்த்தி எனக்கு இடம் விட்டார். விஷயத்தை முடிந்தவரை எளிதாகச் சொன்னேன். பக்கத்து வீட்டு மாமா கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப நம்மூர்ல கெழடுங்களே இல்லன்னு ஆயிப்போச்சா? பரவால்ல, எல்லாரும் வயசுப் பசங்கதான்" என்றார் மாமா.

அப்பா சிரிக்கவில்லை.

"இப்பச் சரி பண்ணிட்டயில்ல?"

"பண்ணிட்டேம்ப்பா."

"அப்ப வண்டி வருமில்ல?"

நான் சொன்னது எதுவும் அவருக்குப் போய்ச் சேரவில்லை. சேர்ந்திருந்தாலும், நான் உட்கார்ந்திருக்கும் இடத்தில் சரி செய்தது சரியாகாமல் போகும் என்று அவரால் நம்ப முடியாது. மீண்டும் விளக்க எனக்குத் தெம்பில்லை. அந்தக் காலை எடுத்து மடியில் வைத்து, அரூர் ஆஸ்பத்திரியில் பயிற்சிக்காரர் ஒருமுறை காட்டியது நினைவிருந்த மட்டும் மடக்கி நீட்டினேன். பாதம் சில்லென்றிருந்தது. விட்டதும் பழையபடி விழுந்தது.