பாரத்துக்கு வழி

நான் பாகூர்க்காரன். முப்பது வயது வரை நான் கண்ட பெரிய ஏற்றம் எங்கள் ஏரிக்கரைதான். அதன் மேல் காரை ஏற்றினாலே பெரிய வித்தை செய்துவிட்டதாக நினைப்பு. எங்கள் கொம்யூனில், சுற்றுவட்டக் கிராமங்கள் எல்லாம் சேர்த்தே, கார் ஓட்டத் தெரிந்தவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். அதில் நான் ஒருவன் என்பதால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

நூறு காணிக்கு மேல் நெல்லும் கரும்பும் வைத்திருந்த ஒரு ஐயாவிடம் டிரைவர் வேலை. அவருடைய மனைவியை அம்மா என்று கூப்பிடுவோம். அந்த வருஷம் அம்மாவுக்கு இருமல் நிற்கவே இல்லை. பட்டணத்து டாக்டர் பார்த்துவிட்டு, இரண்டு மாதம் மலைக்காற்றில் இருக்கட்டும், இங்கே இருந்தால் நெஞ்சு தாங்காது என்று சொல்லிவிட்டார். ஏற்காட்டில் ஒரு பங்களா பேசி முடித்தார்கள். சேலத்தில் மலைப்பாதை பழகிய டிரைவர் கிடைப்பார் என்று யாரோ சொன்னதற்கு ஐயா என்னைப் பார்த்தார். நானே ஓட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன். அம்மாவைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்ற அக்கறை பாதி, மலை எப்படித்தான் இருக்கும் பார்த்துவிடுவோமே என்ற ஆசை பாதி. ஐயா ஒரு நிபந்தனை போட்டார். வழியில் ஏதாவது தப்பு நடந்தால் சேலத்து ஆளை வைத்துக்கொள்வார், நான் ரயில் ஏறி ஊருக்குப் போக வேண்டியது, அப்புறம் அந்த வேலையும் எனக்கு இல்லை.

அடிவாரத்தில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றும் இடத்தில் நிறுத்தினோம். அங்கே தண்ணீர் ஊற்றுகிறவரை நான் கேள்வி கேட்டே துளைத்துவிட்டேன். அவரும் சலிக்காமல் சொன்னார். ஏறும்போது எந்தக் கியரோ இறங்கும்போதும் அதே கியர். பிரேக்கையே நம்பி இறங்கினால் அது சூடாகிக் கைவிட்டுவிடும். என்ஜினை அணைத்துவிட்டு உருள விடுவது தற்கொலை. கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால் ஹாரன் கொடுக்க வேண்டும்.

எனக்கு ஹாரன் அடிப்பதில் கூச்சம் உண்டு. எங்கள் ஊரில் பெரியவர்கள் நடக்கும் தெருவில் ஹாரன் அடித்தால் திமிர் என்பார்கள். மாட்டை விரட்டத்தான் அந்த ரப்பர் குமிழை அமுக்குவேன். அதனால் முதல் வளைவில் கூச்சத்தை உதறிவிட்டு, திரும்பி முடிக்கும் வரை அமுக்கிக்கொண்டே இருந்தேன். திரும்பினால் மூக்குக்கு நேராக ஒரு ஜட்கா. குதிரை மிரண்டுவிட்டது. ஜட்காக்காரர் தானும் வாய்விட்டுக் கத்தியதாகவும், என் சத்தத்தில் அது எனக்குக் கேட்கவில்லை என்றும் திட்டிவிட்டுப் போனார். அப்போதுதான் விஷயம் விளங்கியது. மலையில் ஹாரன் விலகு என்று சொல்வதற்கு இல்லை, யாராவது இருக்கிறீர்களா என்று கேட்பதற்கு. கேட்டால் பதிலுக்குக் காத்திருக்க வேண்டாமா? அதற்கப்புறம் வளைவுக்கு முன்னால் ஒரு நீள ஹாரன், பிறகு வேகத்தைக் குறைத்துக் காது கொடுப்பது. அந்தப் பக்கமிருந்து பதில் வந்தால் அகலமான இடத்தில் ஒதுங்கி நிற்பது. எனக்கு இது மிகவும் பிடித்துப்போயிற்று. ஆளைப் பார்க்காமலே மலைக்கு அந்தப் புறத்தில் இருப்பவனோடு பேசுவது வேடிக்கையாக இருந்தது.

பாதி மலை ஏறியிருப்போம். வளைவு இல்லாத, ஆனால் குறுகிய செங்குத்தான ஒரு துண்டுப் பாதை. இடப்பக்கம் பள்ளம். மேலே இருந்து காப்பி மூட்டை ஏற்றிய லாரி ஒன்று இறங்கி வந்தது. இரண்டு வண்டியும் ஒருசேரப் போக இடமில்லை.

எங்கள் ஏரிக்கரையில் இதற்குச் சட்டம் உண்டு. கரும்போ நெல்லோ ஏற்றிய வண்டி வந்தால் காலி வண்டிதான் பின்னால் போக வேண்டும். பாரத்தை நிறுத்துவது பாவம் மாதிரி. இதற்காகவே காரைப் பின்னால் ஓட்டிப் பழகியவன் நான். கரை மேல் வெகுதூரம் கூடப் பிசகாமல் போவேன்.

முன்சீட்டில் என் பக்கத்தில் இருந்த ஐயாவும் ஏரிக்கரைக்காரர்தானே. "பாரத்த நிறுத்தாதடா. பின்னாடி போ," என்றார்.

ரிவர்ஸ் போட்டேன். லாரிக்காரர் இரண்டு கையையும் ஆட்டினார். அவசரப்படுத்துகிறார் என்று நினைத்துக்கொண்டேன். நாலு முழம் போவதற்குள் என் காலுக்குத் தெரிந்துவிட்டது. பிரேக்கை மிதிக்கிறேன், வண்டி நிற்காமல் வழுக்குகிறது. கரையில் என்னோடு போட்டி போடாத பூமி இங்கே வண்டியைக் கீழே இழுத்தது. பின்சீட்டில் அம்மா இருமிக்கொண்டிருந்தார். இடப்பக்கப் பின்சக்கரம் ஓரத்தில் நட்டிருந்த கல்லில் இடித்து, கல் சாய்ந்து, வண்டி நின்றது. கை பிரேக்கைப் பிடித்த கையை என்னால் எடுக்க முடியவில்லை. பயம் என்றால் அப்படி ஒரு பயம்.

லாரிக்காரர் இறங்கி ஓடி வந்து முதலில் இரண்டு பின்சக்கரத்துக்கும் கல் வைத்தார். பிறகுதான் என்னிடம் வந்தார். அவர் குரல் உயரவில்லை.

"ஏறுறவனுக்குத்தான் வழி. எறங்குறவன் நிக்கணும். உனக்கு யாரும் சொல்லலியா?"

இல்லை. அடிவாரத்துக்காரர் அதைச் சொல்லவில்லை. அங்கே பிறந்தவர்களுக்கு அது சொல்ல வேண்டிய விஷயமாகவே தோன்றியிருக்காது. நீங்கள் பாரம், நான் காலி என்று உளறினேன். அவர் பின்சீட்டை எட்டிப் பார்த்தார்.

"காலியா? அவங்க யாரு?"

அவர் பொறுமையாக விளக்கினார். ஏறுகிற வண்டி நின்றுவிட்டால் மறுபடி கிளம்புவது பெரும்பாடு, பின்னால் உருண்டால் பிடிப்பது அதைவிடப் பாடு. இறங்குகிறவன் கியரில் மெதுவாக வந்தால் நினைத்த இடத்தில் நிற்கலாம், வேண்டுமானால் ரிவர்ஸில் மேலே ஏறி இடமும் விடலாம். அந்த நிலையிலும் எனக்கு, அப்படியானால் பாரம் ஏற்றிய லாரி ரிவர்ஸில் ஏறுமா என்று பார்க்க ஆசையாக இருந்தது.

இதற்குள் ஐயா இறங்கி வேட்டியைச் சரிசெய்துகொண்டார். என்னைப் பார்க்காமல் லாரிக்காரரிடம் சொன்னார். "புது ஆளு. தெரியாம பண்ணிட்டான். மேல போனதும் வேற ஆள வெச்சிக்கிறேன்."

எனக்கு அழுகை முட்டியது. முதலாளி பேசும்போது குறுக்கே பேசிப் பழக்கமில்லை.

பின்சீட்டிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. நாலு வருஷத்தில் அவர் ஐயாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. "பின்னாடி போன்னு நீங்கதான சொன்னீங்க. அவன் இன்னா பண்ணுவான்? நானும் கேட்டுக்கினுதான் இருந்தேன்," என்றார். அவ்வளவு பேசியதற்கே இருமல் பிடித்துக்கொண்டது.

லாரிக்காரர் இருவரையும் பார்த்துவிட்டுத் தன் லாரியில் ஏறினார். அவருடைய கிளீனர் பெரிய கட்டையோடு பின்னால் நடக்க, மூட்டைகளோடு அந்த லாரி உறுமிக்கொண்டு அங்குலம் அங்குலமாகப் பின்னால் ஏறி, மேலே வளைவின் அகலத்தில் மலைச் சுவரோடு ஒட்டி நின்றது. கிளீனர் திரும்பி வந்து கல்லை எடுக்க, நான் கிளம்பினேன். என்ஜின் இரண்டு தரம் நின்று மூன்றாம் தரம்தான் வண்டி நகர்ந்தது. லாரியைத் தாண்டும்போது அவரைக் கும்பிட்டேன்.

அடுத்த வளைவு வந்தது. வளைவுக்கு முன்னால் நான் ஹாரன் கொடுத்து, காது கொடுத்தேன். மேலே இருந்து ஒரு பதில் ஹாரன் கேட்டது. ஐயா வாயைத் திறந்தார். என்ன சொல்ல வந்தாரோ, பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தார்.

"இனிமே நான் சொன்னா கேக்காத," என்றார். "உனக்கு எப்டித் தோணுதோ அப்டி ஓட்டு."

சரிங்கய்யா என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் சொன்னதைக் கேட்கக் கூடாதென்றும் அவரே சொல்லியிருந்ததால், பேசாமல் வண்டியை முதல் கியரில் போட்டு ஏறினேன்.