எனக்கு வாங்க, உனக்கு வா

பல் மருத்துவமனையில் டோக்கன் கூப்பிடுவது என் வேலை. பெரியவர்களுக்கு ‘வாங்கய்யா’, என் வயதுக்காரர்களுக்கு ‘வாங்க’, பொடிசுகளுக்குக்கூடக் கொஞ்சலாக ‘வாங்க செல்லம்’. அங்கே பெருக்கித் துடைக்கும் பெண் என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். அவருக்கு மட்டும் ‘வா’, ‘போ’. என் வாய் ஒருநாளும் கூசியதில்லை.

ஒருநாள் தன் கடைக்குட்டி மகளின் பல்லைக் காட்ட வந்தார்.

“வாங்க செல்லம்,” என்றேன் குழந்தையிடம். அவரிடம், “நீயும் உள்ள வா.”

“அம்மா, எனக்கு வாங்க, உனக்கு மட்டும் ஏன் வா?” என்றது குழந்தை.

எனக்குக் காது சுட்டது.

“நீ என்னை ‘வாங்க’ன்னா கூப்பிடற? சொந்தமா நெனச்சா ‘வா’தான்,” என்று மகளிடம் சொல்லி அவரே எனக்கு முட்டுக்கொடுத்தார். நான் அப்படி நினைத்ததே இல்லை.

மறுநாள் துடைப்பத்தோடு நுழைந்தவரை, “வாங்கக்கா,” என்றேன். பின்னால் யார் வருகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தார்.