மூன்றாவது பட்டன்

எங்கள் போட்டோ ஸ்டூடியோவில் கம்ப்யூட்டரில் படங்களைத் திருத்துகிறவனுக்கு ரப்பர் என்று பெயர். கல்யாணப் படத்தில் சண்டை போட்டுக்கொண்ட மைத்துனனை அழிப்பான், பாட்டுக் கச்சேரிப் படத்தில் ஸ்பீக்கரை அழிப்பான். "என் கடனையும் கொஞ்சம் அழிச்சு விடேன்" என்று நான் சீண்டினால்கூடச் சிரிக்க மாட்டான், உம்மணாமூஞ்சி. அழிப்பது பெரிய காரியமில்லை, அழித்த இடத்தில் என்ன இருந்திருக்கும் என்று போடுவதுதான் வேலை என்பான்.

ஒரு நாள் தையல்காரர் ஒருவர் வந்தார். மேடைப் பாடகனான அவருடைய மகன், கச்சேரி முடிந்து திரும்பும் வழியில் லாரி மோதி இறந்துபோயிருந்தான். அன்று மேடையில் எடுத்த படம் ஒன்றில்தான் வாய்விட்டுச் சிரிக்கிறான். ஆனால் தோளிலிருந்து இடுப்பு வரை குறுக்கே மைக் ஸ்டாண்ட்.

"கம்பிக்குப் பின்னாடி நிக்கிற மாதிரி இருக்குன்னு அவன் அம்மா அழறா தம்பி. அதை எடுத்துட்டா வீட்டுல மாட்டிடலாம்."

ரப்பர் மூன்று நாள் உட்கார்ந்தான். ஸ்டாண்டை மட்டும் எடுத்தால் போதாது, சட்டையில் விழுந்த அதன் நிழலையும் எடுக்க வேண்டும். பக்கத்துத் துணியைத் துண்டு துண்டாக எடுத்து ஒட்டி, கோடு போட்ட சட்டையின் ஒவ்வொரு கோட்டையும் மடிப்போடு வளைத்துச் சேர்த்தான். மேலே இரண்டு பட்டன், கீழே இரண்டு பட்டன் தெரிந்தன. நடுவில் மறைந்திருந்ததற்கு மேல் பட்டனையே நகலெடுத்து, சரியான இடைவெளியில் வைத்தான். யாராக இருந்தாலும் அப்படித்தான் வைத்திருப்பார்கள்.

பெரியவர் திரையை வெகுநேரம் பார்த்தார்.

"மூணாவது பட்டன் எங்கேர்ந்து வந்துச்சு?"

"ஸ்டாண்டு மறைச்சிருந்துச்சு ஐயா. நான்தான் வெச்சேன்."

"அங்க பட்டன் இல்ல தம்பி. அறுந்து போச்சு, தைச்சுக் குடுங்கப்பான்னு நின்னான். வேலை தலைக்கு மேல கிடக்கு, நாளைக்குப் பார்க்கலாம்னு விரட்டினேன். சரி, மைக் ஸ்டாண்டு மறைச்சிடும்னு சிரிச்சுட்டுப் போனான்."

எனக்கு யார் மேல் என்று தெரியாத கோபம் வந்தது. ரப்பர்தான் வாயைத் திறந்தான்.

"அப்படியே இருக்கட்டுமே ஐயா. யாருக்குத் தெரியப் போகுது?"

"அவன் அம்மா பார்ப்பா. நான் தைச்சுக் குடுத்துதான் அனுப்பினேன்னு நினைச்சுப்பா. வேண்டாம், எடுத்துடுங்க."

பட்டனை எடுத்தால் அங்கே துணி எப்படி விழும் என்று ரப்பருக்குத் தெரியவில்லை. பெரியவரே விரலை வைத்துக் காட்டினார்: இந்த ஓரம் லேசாக விலகும், உள்ளே பனியன் கொஞ்சம் தெரியும், கோடு இங்கே உடையும். அவர் சொல்லச் சொல்ல ரப்பர் வரைந்தான். இரண்டு பேரும் சேர்ந்து அந்தச் சட்டையைத் திறந்து விட்டார்கள்.

பிரிண்ட் எடுத்து மேசையில் வைத்தேன். பெரியவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, விலகியிருந்த இரண்டு ஓரங்களையும் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் சேர்த்துப் பிடித்தார். காகிதம்தான் மடங்கியது.