அழித்த முதல் வரி

ஆராய்ச்சிப் படிப்புக்கான விண்ணப்பக் கட்டுரையை, ‘பத்து வருசத்துல இப்படியொரு மாணவனைப் பார்த்ததில்ல’ என்று பேராசிரியை என்னைப் பற்றிச் சொன்ன வார்த்தையோடு தொடங்கியிருந்தேன். எங்கள் வீட்டில் எனக்கு முன் யாரும் படித்ததில்லை. என் படிப்புக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அதுதான் என்று நினைத்திருந்தேன்.

கொடைரோடு ஸ்டேஷனில் அதை வாசித்த கல்லூரி சீனியர் அக்கா சிரித்தார்.

“ஏலே அப்பு, இதை அவங்க சிபாரிசுக் கடிதத்துல எழுதட்டும். நீயே எழுதுனா இரவல் நகை போட்ட மாதிரி இருக்கு. நீ செஞ்ச வேலையப் பத்தி எதுவும் சொன்னாங்களா?”

“மழைக்காலத்துலயும் விடாம கிணத்துத் தண்ணியில உப்பு அளந்தியே, அதனாலதான் உன் முடிவை நம்ப முடியுதுன்னாங்க.”

“அதைப் போடு. அதுல நீ இருக்க.”

மனசே இல்லாமல் முதல் வரியை அழித்தேன். அனுப்பி மூன்று வாரமாகிறது. நான் விண்ணப்பித்த ஆய்வகத்தின் படத்தைத் தினமும் செல்போனில் பெரிதாக்கிப் பார்க்கிறேன், எந்த ஜன்னலோரம் எனக்கு இடம் கிடைக்குமோ என்று.