துருவை நம்பிய அட்டை

மீனவர் ஊரான தோணிரேவைச் சேர்ந்த ஜெனிஃபர் பொன்னேரிக் கல்லூரியில் வரலாறு படிக்கிறாள். சைக்கிள் மாறிய கதைதான் அவளுக்கும் வகுப்புத்தோழன் முரளிக்கும் கிடைத்த சிறு ஆய்வு. மூன்று சைக்கிள்களைப் படமெடுத்து பழசிலிருந்து புதுசுக்கு அட்டையில் வரிசையாக ஒட்டியிருந்தார்கள். உப்புத்தண்ணீர் ஏரிக்கரையில் துருவேறிக் கிடந்த, அவள் ஊர்க்காரர் எல்லப்பன் வீட்டுச் சைக்கிள் முதலில். முரளியின் வயக்காட்டுச் சைக்கிள் நடுவில். பளபளவென்றிருந்த அவளுடைய நைனா மீன் விற்ற சைக்கிள் கடைசியில். நைனா என்று அவள் கூப்பிட்ட அப்பா வின்சென்ட் தவறிப்போய் ஒரு வருஷமாகிறது.

வரலாற்றுப் பேராசிரியர் கேசவன் சார் அட்டையைப் பார்த்தார். "எது பழசுன்னு எப்படிம்மா முடிவு பண்ணே?"

"துருவ வெச்சி சார்."

"திங்கக்கிழமைக்குள்ள ஆதாரம் கொண்டா. இல்லன்னா மார்க் கிடையாது."

வெளியே வந்ததும் முரளி சிரித்தான். "எங்க ஊர்ல உப்புக்காத்து இல்ல, துருவும் கம்மி. அப்ப நாங்கல்லாம் நேத்து பொறந்தவங்களா?"

ஜெனிஃபருக்குச் சுருக்கென்றது. உப்புக்காற்றுக்கு வருஷக் கணக்கு ஏது?

சனிக்கிழமை எல்லப்பனிடம் போனாள். "இதுவா? எம் பொண்ணுக்கு ஸ்கூல்ல குடுத்தது. இன்னும் அஞ்சு வருஷம்கூட ஆவல. தண்ணியோரமா போட்டதுல இப்டி ஆயிடுச்சி," என்றார் அவர். கிட்டே குனிந்து பார்த்தாள். ஒயர் பிரேக்; அதன் ரப்பர் கட்டைகள் சக்கர விளிம்பைப் பக்கவாட்டில் பிடித்தன.

வீட்டுக்கு ஓடி நைனாவின் சைக்கிளைத் திருப்பினாள். முன்பக்கம் ஒயரே இல்லை. கைப்பிடியிலிருந்து இரும்புக்கம்பி இறங்கி, கட்டைகளை விளிம்பின் உள்பக்கமாக மேலே இழுத்தது. ஒயர் வருவதற்கு முந்தைய பழைய பிரேக். முரளி வீட்டுச் சைக்கிளின் படத்தைப் பெரிதாக்கினாள். அதிலும் கம்பிதான், ஆனால் நைனாவின் சைக்கிளில் இன்னொன்றும் இருந்தது. சீட்டுக்குக் கீழே எண்ணெய்ப் பிசுக்கில் மறைந்திருந்த, சைக்கிளுக்கு வரி கட்டியதற்குப் பஞ்சாயத்து கொடுத்த தகர வில்லை. துடைத்தாள். 1974.

"இன்னாடி தேடுற?" என்றாள் அம்மா ஜெபசெல்வி.

"நைனா இத எப்ப வாங்கினாரு?"

"என்ன கட்டிக்கறதுக்கு முன்னாடியே வெச்சிருந்தாரு. அதுவே செகண்ட்ஹேண்டு. தெனம் மீன் வித்துட்டு வந்ததும் எஞ்சினாயில் போட்டு தொடைப்பாரு. எம் மொகத்தக்கூட அப்டி பாத்ததில்ல மனுசன்."

இருவரும் சிரித்தார்கள்.

திங்கட்கிழமை அட்டையில் நைனாவின் சைக்கிள் படம் முதலிலும் எல்லப்பனுடையது கடைசியிலும் இருந்தன. முரளி தன் வீட்டு ரசீதைத் தேடி எடுத்திருந்தான்: 1989.

சார் விடவில்லை. "உங்க நைனா சைக்கிள்ல பின்னாடி ஒயர் பிரேக் இருக்கே? அப்புறம் எப்படி இது பழசு?"

ஜெனிஃபர் தடுமாறவில்லை. "பின்சக்கரம் உப்புல வீணாச்சு சார். நைனா விளிம்போட மாத்தி ஒயர் போட்டாரு. முன்னாடி ஒரு காலம், பின்னாடி ஒரு காலம். மாறுனத அந்த ஒரு சைக்கிள்லயே காட்டலாம் சார்."

சார் மார்க் போடப் பேனாவைத் திறந்தார்.

அன்று சாயங்காலம் அவள் பழைய துணியைத் தேடி எடுத்தாள். எஞ்சினாயில் டப்பாவில் இன்னும் பாதி இருந்தது.