முப்பத்தொன்றாம் தேதி வேலைக்குச் சேர்ந்தவர்

எனக்கு முன்கோபம் அதிகம். அதிலும் நான் எழுதிய புரோகிராமில் தப்பு என்று யாராவது சொல்லிவிட்டால் சுர்ரென்று ஏறும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மண்ணூர்பேட்டை பக்கம் ஒரு தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் அறை முழுக்க என் பொறுப்பு. ஆவடியிலிருந்து பஸ்ஸில் நசுங்கி வந்து, செருப்பை வெளியே விட்டுவிட்டு அந்த ஏ.சி. அறைக்குள் நுழைந்துவிட்டால் நான்தான் மகாராணி.

அங்கே புதிதாகச் சேரும் தொழிலாளிக்கு ஆறு மாதம் புரொபேஷன். சேர்ந்த தேதியிலிருந்து ஒவ்வொரு மாதம் முடியும்போதும் ஃபோர்மேன் அவரைப் பற்றி ஒரு சீட்டு எழுத வேண்டும். ஆளைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டிக் கையெழுத்தும் வாங்க வேண்டும். ஆறில் ஐந்து சீட்டாவது தேறினால் நிரந்தரம். குறைந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். எந்தத் தேதியில் யாருக்குச் சீட்டு என்பதைப் பர்சனல் ஆபீசர் ஒரு ரெஜிஸ்டரில் கையால் எழுதி வைத்திருந்தார். அதைப் பிடுங்கிக் கம்ப்யூட்டரில் ஏற்றியது நான். சேர்ந்த தேதியைத் தட்டினால் ஆறு தேதிகளும் தானாக வந்து விழும். மாதாமாதம் சீட்டுகள் அச்சாகி ஃபோர்மேனுக்குப் போகும். ஐந்தாம் தேதி, பன்னிரண்டாம் தேதி, இருபதாம் தேதி என்று போட்டுப் பார்த்தேன். எல்லாம் கச்சிதம்.

ஒரு மார்ச் மாதம், இரும்புத் தகடுகளை அழுத்தி வளைக்கும் பிரஸ் ஷாப்பின் தொழிலாளி ஒருவர் வாசலில் வந்து நின்றார். முப்பது வயது இருக்கும். வெள்ளானூர்க்காரர். வீட்டில் எல்லோரும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள், கம்பெனி வேலை என்று வந்தவர் இவர்தான் முதல்.

"மேடம், ஆறு சீட்டுல மூணுதான் கீதுன்றாங்க. நாளான்னிக்கு நிறுத்தற லெட்டர் குடுத்துடுவாங்களாம். ஃபோர்மேனாண்ட கேட்டேன், சீட்டு வந்தா எழுதுவேன், வர்லன்றாரு. இங்கருந்துதான போவுது?"

"கம்ப்யூட்டர் அப்படியெல்லாம் விட்டுடாதுங்க. நீங்க உங்க ஃபோர்மேனையே போய்க் கேளுங்க" என்றேன்.

அவர் நகரவில்லை. சண்டையும் போடவில்லை. ஆளை அனுப்பினால் போதும் என்றுதான் அவருடைய பதிவைத் திறந்தேன். சேர்ந்த தேதி ஆகஸ்ட் 31. கீழே ஆறு வரிகள். முதல் வரி காலி. இரண்டாவது அக்டோபர் 31. மூன்றாவது காலி. பிறகு டிசம்பர் 31, ஜனவரி 31. கடைசி வரி மறுபடியும் காலி.

என் புரோகிராம் செய்தது இவ்வளவுதான்: நாளை அப்படியே வைத்துக்கொண்டு மாதத்தை மட்டும் ஒவ்வொன்றாகக் கூட்டியது. செப்டம்பர் 31 என்று ஒரு தேதி உலகத்திலேயே கிடையாது. நவம்பர் 31-ம் கிடையாது, பிப்ரவரி 31-ம் கிடையாது. இல்லாத தேதியைக் கொடுத்தால் மெஷின் சத்தம் போடாமல் காலியாக விட்டுவிடும். காலி வரி எந்த மாதத்துப் பட்டியலிலும் வராது, சீட்டும் அச்சாகாது. இருபத்தொன்பது, முப்பதாம் தேதிகளில் சேர்ந்த ஓரிருவருக்கும் பிப்ரவரி மட்டும் விடுபட்டிருந்தது. அவர்களுக்கு ஐந்து தேறிவிட்டதால் யாரும் கண்டுகொள்ளவில்லை. முப்பத்தொன்றாம் தேதி சேர்ந்தவர் இவர் ஒருவர்தான்.

அவரிடம் எதுவும் சொல்லாமல் நேரே பிரஸ் ஷாப்புக்குப் போனேன். இன்னும் பழியை இறக்கிவைக்க ஒரு தோள் தேடிக்கொண்டிருந்தேன் என்பதே உண்மை.

"ஒருத்தருக்கு மட்டும் சீட்டு வரலைன்னா நீங்க கேட்கக் கூடாதா சார்?" என்றேன் ஃபோர்மேனிடம்.

"இன்னாம்மா பேசற? கட்டு கட்டா அனுப்பற, எழுதறேன். வராததுக்கு நான் இன்னாத்த எழுதறது? நீதான அனுப்பற, நீ கவனிச்சியா?"

வந்த வழியே திரும்பினேன்.

சாயங்காலத்துக்குள் புரோகிராமைத் திருத்தினேன். அந்த மாதத்தில் அப்படியொரு நாள் இல்லையென்றால் மாதத்தின் கடைசி நாளைப் போடு என்று எழுதினேன். புதுப் பட்டியலை எடுத்துக்கொண்டு பர்சனல் ஆபீசரிடம் ஓடினேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"செப்டம்பர் முப்பது, சரி. அக்டோபர்ல எதுக்கு முப்பது? அந்த மாசத்துலதான் முப்பத்தொண்ணு இருக்கே?"

பார்த்தேன். செப்டம்பரில் 30 ஆன பிறகு அக்டோபர், நவம்பர், டிசம்பர், ஜனவரி எல்லாமே 30. பிப்ரவரி 28. போன மாதத்துத் தேதியிலிருந்து அடுத்த மாதத்தைக் கணக்குப் போட்டிருந்தேன். ஒரு தடவை குறைந்தது குறைந்ததுதான், மறுபடி ஏறவே இல்லை.

"பிப்ரவரிக்கு அப்புறமும் ஓட விட்டா இந்த ஆள் ஆயுசுக்கும் இருபத்தெட்டுதானா?" என்றார் எரிச்சலோடு. "நான் எழுதறப்போ மேல் வரியப் பார்க்கவே மாட்டேன்மா. ஒவ்வொரு தடவையும் சேர்ந்த தேதியத்தான் பார்ப்பேன்."

கோபம் வந்தது. அவர் சொன்னது சரியாக இருந்ததால் இன்னும் அதிகமாக வந்தது. திரும்பிப் போய் மாற்றினேன். சேர்ந்த தேதியிலிருந்து ஒரு மாதம், அதே தேதியிலிருந்து இரண்டு மாதம், அதே தேதியிலிருந்து மூன்று மாதம். அந்தந்த மாதத்தில் அந்த நாள் இல்லாவிட்டால் மட்டும் கடைசி நாள். பிப்ரவரிக்கு லீப் வருடமா என்றும் பார்க்க வைத்தேன். செப்டம்பர் 30, அக்டோபர் 31, நவம்பர் 30, டிசம்பர் 31, ஜனவரி 31, பிப்ரவரி 28. இந்தத் தடவை ஆபீசர் ஆறு வரியிலும் டிக் போட்டார்.

ஆனால் போன மாதங்கள் போனதுதானே. "மூணு சீட்டையும் ஃபோர்மேன் இப்ப எழுதட்டும்" என்றார் அவர். "பழைய தேதி போடக் கூடாது, இன்னிக்குத் தேதிதான். ஏன் இவ்வளவு லேட்டுன்னு நீ எழுதிக் குடுக்கணும். அது இல்லாம லெட்டரை நிறுத்த முடியாது."

முதலில் "கம்ப்யூட்டர் கோளாறு காரணமாக" என்றுதான் எழுதினேன். எழுதியதைப் படித்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது. கோளாறு கம்ப்யூட்டருக்கா இருந்தது? கிழித்துப் போட்டுவிட்டு, "நான் எழுதிய புரோகிராமில் நான் செய்த தவறு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஃபோர்மேன் மூன்று சீட்டும் எழுதினார். மூன்றிலும் நல்லபடியாகவே எழுதியிருந்தார். நிறுத்தும் கடிதம் போகவில்லை, அந்த வாரமே நிரந்தர ஆர்டர் போனது.

ஒரு பொட்டலம் மைசூர்பாகோடு அவர் என் அறைக்கு வந்தார். நான் எழுந்து நின்றேன். "மன்னிச்சிடுங்க. தப்பு என்னுதுதான். அன்னிக்கு உங்கள விரட்டப் பார்த்தேன்" என்றேன்.

"அத்த உடுங்க மேடம். வேல நெலச்சிச்சே, அது போதும்" என்றார். பிறகு, போகிற போக்கில் சொல்வது போல, "நவம்பர்லயே தெரிஞ்சிருந்தா நல்லாருந்துருக்கும்" என்றார்.

"ஏன்?"

"எனக்கு அடுத்த நாள் சேந்தவங்க நாலு பேரு. டிசம்பர் மொத தேதி அவங்கள மட்டும் கூப்ட்டு சீட்டுல கையெழுத்து வாங்கனாங்க, என்னக் கூப்டல. சரி, நம்ம வேல அவருக்குப் புடிக்கல, கழிச்சுக் கட்டப்போறாங்கன்னு நெனச்சிக்கினேன். அந்த வாரந்தான் பொண்ணு பொறந்தா. லீவு கேட்டா அதையே சாக்கா வெச்சி அனுப்பிடுவாங்கன்னு கேக்கவேல்ல. ஓவர்டைமும் சேத்துப் பாத்தேன். ஞாயித்துக்கெழமதான் ஆஸ்பத்திரிக்குப் போயி கொயந்த மொகத்தப் பாத்தேன். அதுக்குள்ள நாலு நாளு ஆயிப்போச்சு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். என்னைக் குத்திக்காட்டவேண்டும் என்று அவருக்குத் தோன்றியே இருக்காது. பொட்டலத்தை மேஜையில் வைத்துவிட்டு ஷிஃப்டுக்குப் போய்விட்டார்.

நான் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். விடுபட்ட மூன்று சீட்டையும் பின்னால் எழுதி வாங்கிவிட்டோம். அந்த நாலு நாளை நான் யாரிடம் போய் எழுதி வாங்குவேன்?